வலப்பக்கத்து ராஜம்மாள்

செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், காபிக் கடைக்குப் பின்புறம் இருந்தது சகாதேவனின் ஒற்றை அறை. அதன் கதவைத் தட்டுபவர்கள் அரிது. இடது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்தபடியால், ஆட்டோ ஓட்டும் ராஜா தட்டியதும் அவர் செவிக்கு எட்டவில்லை. ஜன்னல் வழியே கைவிட்டு உலுக்கிய பிறகே எழுந்தார்.

"இன்னாண்ணா, கும்பகர்ணனுக்குப் பங்காளியா நீ? நந்தினி மேடம் நேத்து போட்ட ஆடியோ நீ பிடிச்சதுதானே? என் வண்டியில மூச்சு பேச்சு இல்ல. சவாரி ஏறுனவங்க சிரிக்கிறாங்க."

"மத்த பாட்டெல்லாம் வருதா?"

"அது ஜோரா வருது. எடது ஸ்பீக்கரு ஒயரை எலி கடிச்சிட்டுதுன்னு சொன்னேனே, வலது ஒண்ணுலதான் ஓட்டிக்கினு இருக்கேன். அதுலயே ஊரு அதிருது."

அவ்வளவு போதுமாயிருந்தது. வலப்பக்கம் மட்டும் உயிரோடிருக்கும் வண்டியில் ஒலி இல்லையென்றால், பதிவில் வலப்பக்கமே இல்லை என்று பொருள்.

கீழ்பென்னாத்தூரில் மைக்செட் வைத்திருந்தவர் அவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டிருந்தது. சளி என்று எண்ணி நாள் கடத்தினார். அடைத்த உடனே வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அன்று போன காது திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, ஒற்றைக் காதுக்காரனை ஒலிப்பதிவுக்கு யார் கூப்பிடுவார்கள்? கூட்டத்தில் எவர் எங்கிருந்து அழைக்கிறார் என்பது புலப்படாமல் போனதால் கூட்டங்களை விட்டார். தெரிந்தவர்கள் வலப்பக்கம் நின்று பேசி, மறுமொழி கிடைக்காமல், கர்வி என்று முடிவுகட்டி விலகினார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவருக்கு வீட்டிலும் பேச்சுத்துணை இல்லை. மைக்செட்டை விற்றுவிட்டு நகரத்துக்கு வந்தார்.

கிரிவலப் பாதையில் பிழைப்பவர்களின் பேச்சைப் பதிந்து இணையத்தில் வெளியிடும் நந்தினி ஒருத்திதான் அவருக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பவள். கூலி சிறிதுதான். ஆனால் மாதத்தில் சில நாட்கள் மனிதக் குரல்கள் அவர் காதருகே வந்து பேசின. அது நின்றால் அவருக்கு வேறு வாசல் கிடையாது.

ராஜாவை அனுப்பிவிட்டுக் கணினியில் கோப்பைத் திறந்தார். இரண்டு பட்டைகள் விரிந்தன. மேலே இடப்பக்கம், மலையும் மடுவுமாக அலைகள். கீழே வலப்பக்கம், கோடு கிழித்தாற்போல் ஒரு வெறுமை. ஒலியளவை எவ்வளவு உயர்த்தியும் அதில் இரைச்சல்கூட எழவில்லை.

நடந்தது விளங்கிவிட்டது. அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் கன்னியம்மாளையும், பக்கத்தில் கற்பூரமும் விபூதியும் விற்கும் ராஜம்மாளையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டிருந்தார். ஆளுக்கொரு கிளிப் மைக். முன்னவள் குரல் இடப்பக்கம், பின்னவள் குரல் வலப்பக்கம். தனித்தனியாகப் பதிந்தால் பிறகு தனித்தனியாகத் திருத்தலாம் என்பதால் அப்படி அமைப்பதே அவர் வழக்கம். ராஜம்மாள் மைக்கைச் சேலை மடிப்பில் செருகும்போது, ஒலியை அடைக்கும் பொத்தான் அழுந்தியிருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க அவரிடம் ஓர் உபாயம் உண்டு. பேச்சு தொடங்கியதும் ஹெட்போனைக் கழற்றி இடம்வலமாக மாற்றி மாட்டிக்கொள்வார். வலப்பக்கத்து ஒலி நல்ல காதுக்கு வந்துவிடும். ஆனால் முந்தைய பதிவின்போது, "சட்டையைத் திருப்பிப் போடுற மாதிரி காதை மாத்திப் போடுறான் பாரு" என்று யாரோ சொல்ல, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கூச்சத்தால் இம்முறை மாற்றவில்லை. பௌர்ணமிக்கு முன் வெளியிட வேண்டும் என்று நந்தினி அவசரப்படுத்தியதால், கணினியில் திறந்து பார்க்காமல் அங்கிருந்தே அனுப்பியும் விட்டார்.

தொலைபேசியில் நந்தினி பதறினாள். "நானும் கவனிக்கலண்ணா. காய் நறுக்கிக்கிட்டே எடது காதுல மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்டேன்; ராஜம்மா குரல் மத்தப் பக்கம் வரும்னு இருந்துட்டேன். சரி பண்ண முடியுமா?"

"ரெண்டு பக்கமும் வர வெச்சிடுறேன்."

முதலில் இரு பட்டைகளையும் பிரித்தார். வெற்றுப் பட்டையை நீக்கினார். அதோடு சேர்த்துக் கலந்திருந்தால் அந்த மென்பொருள் இரண்டையும் சராசரியாக்கி ஒலியைப் பாதியாகக் குறைத்துவிடும். எஞ்சிய இடப்பக்கத்தை ஒற்றைத் தடமாக்கி நடுவில் நிறுத்தினார். இனி இரண்டு ஸ்பீக்கரிலும் சமமாக ஒலிக்கும்; ராஜாவின் வண்டியிலும் ஒலிக்கும். வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

பிறகு கேட்டுப் பார்த்தார். கன்னியம்மாள் ஏதோ கேட்கிறாள். நிறுத்துகிறாள். "அட போடி!" என்று சிரிக்கிறாள். மறுபடி நிறுத்துகிறாள். எதிரிலிருந்த ராஜம்மாள் கன்னியம்மாளின் மைக்கில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவளைப் போல மங்கலாக வந்தாள். அந்த இடங்களை உயர்த்தினால் பாய்லரின் இரைச்சலும் பேருந்து ஹாரனும் சேர்ந்து எழுந்தன. பதியாத குரலை எந்த மென்பொருளும் வரவழைக்காது.

அனுப்பியதை நந்தினியும் கேட்டுவிட்டு அழைத்தாள். "ரெண்டு பக்கமும் வருதுண்ணா. ஆனா அந்தம்மா தனியா பேசிக்கினு இருக்குற மாதிரி இருக்கே."

தனியாகப் பேசிக்கொள்வது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "திரும்பப் போய்ப் பதியணும்மா" என்றார்.

"மைக் ரிப்பேராண்ணா? அப்படின்னா வாடகைக்குக் குடுத்தவங்களையே கேக்கலாம்."

தப்பிக்கும் வழியை அவளே திறந்துவிட்டாள். சகாதேவன் அதில் நுழையவில்லை. "மைக்கு மேல தப்பில்ல. மத்ததை அங்க வந்து சொல்றேன்."

மறுநாள் டீக்கடையில் செய்தியைக் கேட்டதும் ராஜம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "அப்போ நான் அம்மாம் நேரம் பேசினது காத்தோட போச்சா?"

"எனக்குக் கேட்டுச்சே, அந்தத் தலையெழுத்து போதாதா?" என்றாள் கன்னியம்மாள்.

"நீ சும்மா இரு. ஏம்பா, காதுல அம்மாம் பெரிசா மாட்டிக்கினு உக்காந்திருந்தியே, நான் பேசுறது வரலைன்னு தெரியலியா உனக்கு?"

நந்தினியும் அவரையே பார்த்தாள். சகாதேவன் ஹெட்போனின் வலப்பக்கக் கிண்ணத்தைத் தொட்டுக் காட்டினார். "நீங்க வர்றது இந்தப் பக்கம்க்கா. எனக்கு இந்தக் காது கேக்காது. நாலு வருஷமாச்சு."

ராஜம்மாள் தன் ஸ்டூலைத் தூக்கிவந்து அவருடைய இடப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எங்க உக்காந்தாலும் மைக்குல ஒண்ணுதான்க்கா. அங்கியே இருக்கலாம்."

"இருக்கட்டும். இப்போ கேக்குதில்ல?"

"கேக்குது."

அன்று மைக்கின் பொத்தானை அவரே சரிபார்த்தார். இருவரையும் ஆளுக்கொரு வார்த்தை பேசச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் ஹெட்போனை மாற்றி மாட்டினார். சிரித்தார்கள். அவர் கழற்றவில்லை. புறப்படும்போது நந்தினி சொன்னது ஒன்றுதான்: "அடுத்த மாசம் நானும் ஒரு ஹெட்போன் கொண்டாந்துடுறேன்ணா. வலது பக்கத்தை நான் பாத்துக்கிறேன்."

அறைக்குத் திரும்பி, இரு குரல்களையும் நடுவுக்கு நெருக்கி, ஒருத்தியைச் சற்றே இடமாகவும் மற்றவளைச் சற்றே வலமாகவும் நிறுத்திப் பதிவை அனுப்பினார். இரண்டு காதுள்ளவர்களுக்கு அந்தப் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். இனி அதைக் கேட்டறிய வழியில்லை.

பிறகு யாருக்கும் அனுப்பாத இன்னொரு பிரதியைச் செய்தார். இரண்டு குரல்களையும் ஒன்றாகக் கலந்து முழுவதையும் இடப்பக்கம் தள்ளினார்; வலப்பக்கத்தைக் காலியாக விட்டார். ராஜாவின் வண்டியில் ஒலிக்காத பிரதி அது. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஹெட்போனில் அதை ஓடவிட்டார். கன்னியம்மாள் கேட்டாள்; நல்ல காதுக்குள்ளேயே ராஜம்மாள் பதில் சொன்னாள். "அட போடி!" என்ற இடத்தில் அவரும் சிரித்தார். அவருடைய கேட்காத வலப்பக்கம் சுவர் மட்டும் இருந்தது.