கனத் தண்ணி

கலைவாணிக்குத் திவ்யாவைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பதுதான் பெரிய காரணம். பழவேற்காட்டுப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகக் கலைவாணிதான் அறிவியல் டீச்சர். விலங்கியல் படித்தவள், மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண். இயற்பியலில் மேல்படிப்பு முடித்த திவ்யா, அனுப்பம்பட்டு நெல்வயல் குடும்பத்திலிருந்து கலைவாணியின் தம்பி தனசேகருக்கு மனைவியாக வந்தாள். அடுத்த ஜூனில் அதே பள்ளிக்கும் வந்தாள்.

பொன்னேரியில் ஆசிரியர்களுக்கான கருத்துரைப் போட்டி, எழுதிய கட்டுரையை மேடையில் படிக்க வேண்டும். தலைப்பு அணுசக்தி: பிளவா, இணைவா? பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். தலைமை ஆசிரியர் வரதன் இருவரையும் எழுதச் சொன்னார். நல்லது எதுவோ அதை எழுதியவர் போகட்டும் என்றார். போகப்போவது தான்தான் என்று கலைவாணி அன்றே முடிவு செய்துவிட்டாள்.

பத்து நாள் படித்தாள். யுரேனியக் கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் அது பிளந்து வெப்பம் தருகிறது, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்களையும் உதிர்க்கிறது. அவையெல்லாம் ஆளுக்கொரு கருவைப் பிளக்கப் போனால் உலை கை மீறும். கட்டுப்பாட்டுத் தண்டுகள் மிச்சத்தை விழுங்கி, ஒரு பிளவுக்கு அடுத்த ஒரு பிளவு என்று நிறுத்தி வைக்கின்றன. அந்த வெப்பத்தில் நீராவி, நீராவியில் சுழலி, சுழலியில் மின்சாரம்.

இதை எழுதும்போது அவளுக்குப் பாடு ஞாபகம் வந்தது. ஏரியில் இன்றைக்கு யார் வலை போடுவது என்று ஊர் முறை வைத்துக் கொடுப்பதுதான் பாடு. எல்லா வலையும் ஒரே நாளில் இறங்கினால் ஏரி தாங்காது. தண்டுகள் செய்வதும் அதுதான் என்று எழுதியபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அனுப்பம்பட்டுக்காரிக்கு இது எங்கே தெரியப்போகிறது?

அடுத்த பாராவில் கனநீர் வந்தது. நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கச் சில உலைகளில் கனநீர் வைக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆற்று நீர் ஏரியின் மேலே மிதக்க, கடல் நீர் அடியில் தங்கும். அவளுடைய நைனா அதைக் கனத் தண்ணி என்பார். அதையே எடுத்து, கனநீர் என்பது உப்பேறிக் கனத்த நீர் என்று விளக்கிவிட்டாள்.

கட்டுரைகளைத் தட்டச்சு செய்தது திவ்யா, மடிக்கணினி அவளுடையது. பாதியில் கையை எடுத்தாள்.

"அண்ணி, இந்தக் கனநீர்ல உப்பு கிடையாது. ஹைட்ரஜனுக்குப் பதிலா அதோட கனமான வகை டியூட்டீரியம் இருக்கும், அவ்வளவுதான். மாத்திடட்டுமா?"

தெரிந்ததைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம் அவள். மறைத்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். பாடு உவமையைப் பார்த்து வயிறெரிந்துதான் நல்ல வரியைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று கலைவாணிக்குப் பட்டது.

"எங்க தண்ணியப் பத்தி எனக்கு நீ சொல்றியா? இருக்கிறத இருக்கிற மாதிரி அடி."

திவ்யா அப்படியே அடித்தாள்.

மறுநாள் வரதன் இரண்டையும் படித்தார். திவ்யாவின் கட்டுரை நேராகப் போனது. இணைவு என்பது லேசான கருக்கள் சேர்வது, சூரியனில் நடப்பது. பூமியில் அதற்குப் பத்துக் கோடி டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வீட்டுக்கு விளக்கெரிக்கும் இணைவு உலை இன்னும் வரவில்லை. கோளாறு வந்தால் இணைவு தானாக அணையும்; பிளவு உலையோ நிறுத்திய பிறகும் சூடு கக்கும், குளிர்விப்பு தவறினால் உருகும். பிளவின் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்துக் காக்கலாம், ஆனால் அது ஆயிரக்கணக்கான வருடக் காவல். இணைவிலும் உலைச்சுவரில் கதிரியக்கம் ஏறும், ஆனால் அவ்வளவு நீண்ட நாள் இருக்காது.

கலைவாணியின் தாளில் சிவப்பு மை ஒரே இடத்தில்தான் இருந்தது. கனநீரைச் சுற்றி.

"திவ்யா போகட்டும்மா," என்றார் வரதன். "ஆனா அந்தப் பாடு இருக்கே, அத அவ கட்டுரையில சேத்துக்கலாமா?"

அறையில் மூவரும்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வரி அலமாரியில் கிடந்து மக்கும். யாரும் படிக்கமாட்டார்கள்.

"சேத்துக்கட்டும். ஆனா யார் சொன்னதுன்னு அங்க சொல்லணும்."

"சொல்றேன் அண்ணி," என்றாள் திவ்யா. சொல்லுவாள் என்பதும் கலைவாணிக்குத் தெரிந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை தனசேகர் மனைவியின் பையைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றினான். ஜன்னலோரம் அமர்ந்த திவ்யா, இன்னா வாங்கி வரட்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றாள் கலைவாணி. பேருந்து நகர்ந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது: கூட்டம் கை தட்டப்போவது பாடு வரும் இடத்தில்தான். எழுதியவள் பேரைச் சொன்னாலும், தட்டுகிறவர்கள் பார்க்கப்போவது மேடையில் நிற்கிறவளைத்தான்.