சாமந்தி மாலையும் சேமியாவும்

ஆனந்தவள்ளி அக்காவுக்குக் கையால் தொட்டுப் பார்க்காத எதன் மேலும் நம்பிக்கை வராது. துவாக்குடிப் பக்கம் பாய்லர் உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். கடையில் தக்காளியைக்கூட மூன்று பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். கம்பெனிக்கு ஆர்டர் வருவது நின்று கதவைச் சாத்தியபோது, கைக்கு வந்த தொகையில் இரண்டு முப்பரிமாணப் பிரிண்டர்கள் வாங்கிப் புத்தூரில் ஒரு மாடியறையில் வைத்தார். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில்.

நான் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறேன். சிடி ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பை மட்டும் பிரித்தெடுத்துக் கம்ப்யூட்டரில் ஃபைலாக்குவேன். அதை அக்கா பிளாஸ்டிக்கில் அச்செடுப்பார். அந்தப் பிளாஸ்டிக் எலும்பின் மேல் வைத்து டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்பே உலோகப் பிளேட்டை வளைத்துக்கொள்வார்கள்.

பெரிய எலும்பு என்றால் ராத்திரி முழுக்க ஓடும். முடியைவிடச் சற்றே தடிமனான அடுக்குகளாக, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும் நாசில் என்ற சூடான முனை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துக்கொண்டே போகும். நடுவில் உருவம் தட்டிலிருந்து பெயர்ந்துவிட்டால் மெஷினுக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் காற்றில் பிளாஸ்டிக்கைக் கக்கும். காலையில் போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு கூடை நூல். எல்லோரும் அதை ஸ்பெகட்டி என்பார்கள். அக்கா வைத்த பெயர் சேமியா.

அதற்காகத்தான் கேமரா மாட்டினார். சேமியா மாதிரி எதையாவது கண்டால் அதற்கான ஆப் மெஷினைத் தானாக நிறுத்திப் போனுக்கு மணியடிக்கும். என் போனிலும் மணி அடிக்கும்; பார்க்கலாம், நிறுத்த முடியாது. தொட்டுப் பார்க்க முடியாத அந்தப் படத்தை அக்கா விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் வீட்டுக்காரர் ஜெய்சங்கர் அண்ணன் சரக்கு ரயில் ஓட்டுபவர். "கல்யாணத்துக்கு முன்னாடிகூட இவ என்னை இப்படிப் பாத்ததில்ல ரஞ்சித்" என்பார்.

அந்த விஜயதசமி அன்று வந்தது ஓர் இடுப்பெலும்பு. பச்சைமலையில் மரவள்ளி ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து, மருதை என்பவருக்கு இடது பக்கம் நொறுங்கியிருந்தது. மறுநாள் பதினொரு மணிக்கு ஆபரேஷன். டாக்டர் ரத்தினவேல் கண்டிப்பாகச் சொன்னார். "ஒன்பதுக்குள்ள மாடல் என் கையில இருக்கணும். பிளேட்ட வளைச்சு, ஸ்டெரிலைஸ் பண்ண அனுப்பணும். இல்லேன்னா ஆளைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் வளைக்கணும். அவ்வளவு நேரம் ரத்தம் போகும்."

முந்தின நாள் ஆயுத பூஜை. இரண்டு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், சட்டத்தில் சாமந்தி மாலை. பூஜையில் வைத்ததை அன்று ஓட்டக் கூடாது. விஜயதசமி மாலை நான்கு மணிக்கு அக்கா கற்பூரம் காட்டிவிட்டு முதல் மெஷினை ஓட்டினார். பதினான்கு மணி நேர வேலை. அக்கா அறையைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார்.

ஏழரைக்கு மணி அடித்து மெஷின் நின்றது. படத்தில் எலும்பு ஒழுங்காகத்தான் இருந்தது. மாலையின் நார் நாலைந்து பிரிந்து தொங்கி, மெஷின் அதிர அதிர ஆடியது. கேமரா அதைச் சேமியா என்று நினைத்திருந்தது. அக்கா வீட்டிலிருந்தே மறுபடி ஓட்டினார். எட்டே முக்காலுக்குத் திரும்பவும் அதே கதை.

நான் போன் செய்தேன். "அக்கா, மாலையை எடுத்துட்டா சரியாயிடும். நான் உறையூர்லதான் இருக்கேன், சாவி இருந்தா போயிடுவேன்."

"சாவி எங்கிட்ட இருக்கு. விஜயதசமி அன்னிக்கு மெஷின்லேர்ந்து பூவை எடுக்கச் சொல்றியா தம்பி? நல்லா இருக்கே! தானா நிக்கிறதை ஆஃப் பண்ணிட்டேன். மணி மட்டும் அடிக்கும்."

நிஜமாகவே சேமியா வந்தால் மெஷின் நிற்காதே என்று எனக்கு உறுத்தியது. அதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

மெஷின் நிற்கும்போதெல்லாம் சூடான நாசிலிலிருந்து கொஞ்சம் பிளாஸ்டிக் கசியும். மறுபடி ஓடத் தொடங்கும் இடத்தில் அது மிளகளவு ஒட்டிக்கொண்டு இறுகிவிடும். அடுத்தடுத்த அடுக்குகளில் நாசில் அந்த மிளகில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு என் போன் அடித்தது. மாலைதான் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நாருக்குக் கீழே வெள்ளையாக ஏதோ சுருண்டிருந்தது. ஒரு நிமிடத்தில் அது இரட்டிப்பானது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அழைத்தேன், எடுக்கவில்லை. விடிகாலை நாலு மணி டூட்டிக்காக அண்ணன் தூங்குகிறார் என்று அக்கா தன் போன் மணியை அமர்த்தி வைத்திருந்தார். அண்ணனின் நம்பர் என்னிடம் இருந்தது. இந்த நேரத்தில் எப்படி எழுப்புவது என்று யோசித்தபடி, சுருள் வளர்வதைப் பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அழைத்தேன்.

டூட்டிக்கு அழைப்பு வரும் என்பதால் ரயில் ஓட்டுபவர்கள் போனை அமர்த்த மாட்டார்கள். முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க சார், எந்த வண்டி?" என்றார். நான் சொன்னதும், "வள்ளி, எந்திரி. உன் சேமியா வெந்துடுச்சாம்."

அக்கா காவிரிப் பாலம் தாண்டி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது இரண்டரை. நான் லேப்டாப்போடு படியில் நின்றிருந்தேன். கதவைத் திறந்ததும் சுட்ட பிளாஸ்டிக் வாடை. எலும்பு பெயர்ந்து சாய்ந்து கிடந்தது. அதன் மேல் கிழிந்த தலையணைப் பஞ்சு மாதிரி நூல். அக்கா முதலில் மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அப்புறம் அந்த மிளகை நகத்தால் நெருடினார்.

"இது நிறுத்தி நிறுத்தி ஓட்டினதுல வந்தது. நான் பண்ணினது." தட்டிலிருந்த நூலை வழித்துப் போட்டார். "முழுசா வேணாம். உடைஞ்ச இடது பக்கம் மட்டும் வெட்டு. அதையும் ரெண்டாக்கு. ரெண்டு மெஷின்லயும் போடலாம். அடுக்கைத் தடிமனாக்கினா அஞ்சு மணி நேரத்துல வருமா?"

"வரும்க்கா. ஆனா சொரசொரப்பா இருக்கும்."

"வரட்டும்."

நாசில்களைச் சுத்தம் செய்து ஓட்டும்போது மூன்றேகால். அக்கா கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். விடியும் வரை எழவில்லை. "நீ எப்ப பாத்த?" என்று ஒரு முறை கேட்டார். "ஒன்னே முக்கால்" என்றேன். அண்ணனுக்குப் போன் வந்தது இரண்டு மணிக்கு என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

எட்டே காலுக்கு முடிந்தது. பசை போட்டு ஒட்டி, ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டரிடம் கொடுத்தோம். அவர் விரலால் தடவினார்.

"ஏன் பாதி மட்டும்?"

"ராத்திரி ஓட்டினது கெட்டுப்போச்சு சார். என் தப்பு."

"இந்தக் கோடு எலும்புல உள்ளதா, உங்க மெஷின் போட்டதா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஸ்கேன் படத்தை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். "மெஷின் போட்டது சார். உடைப்பு இதுக்குக் கீழ." டாக்டர் பேனாவால் உடைப்பை மட்டும் வரைந்துகொண்டு, மாடலோடு உள்ளே போனார்.

ஆபரேஷன் மூன்றரைக்கு முடிந்தது. பிளேட் பொருந்திவிட்டதாக நர்ஸ் வந்து சொன்னார். முழு எலும்பு இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்குமா என்று அக்கா கேட்டார். நர்ஸுக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் மருதையின் மனைவி காளியாயி எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எலும்பு செஞ்சு குடுத்தவுங்க நீங்கதானாம்ல. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தீங்களாம்."

அக்கா கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை.

"ரெண்டரைக்கு அப்புறந்தாம்மா முழிச்சிருந்தேன்" என்றார் அக்கா.