மணப்பெண்ணின் வெள்ளை

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்தப் பெண் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். சேர்ச் கல்யாணத்துக்கு கவுன் தைக்க வேண்டும். வெள்ளவத்தையில் இருக்கும் என் தையல் அறைக்கு அவளோடு மாப்பிள்ளையின் அக்காவும் வந்திருந்தார். கனடாவிலிருந்து வாங்கி வந்த கிறீம் நிற சாட்டினை மேசையில் விரித்தார்.

"இதிலதான் தைக்க வேணும். கறுத்தப் பிள்ளைக்கு வெள்ளை போட்டா இன்னும் கறுப்பாத் தெரியும்."

அவளுக்கு முன்னாலேயே சொன்னார். எனக்குக் காது சூடேறியது. பெண் தன் கைப்பையின் சிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

ரியூப் லைட்டை அணைத்துவிட்டு அவளை ஜன்னலோரம் கண்ணாடிக்கு முன் உட்கார வைத்தேன். பவுடரைத் துடைக்கச் சொல்லி, தலைமுடியை வெள்ளைத் துணியால் மூடினேன். முதலில் அந்த கிறீம் சாட்டினைத் தாடைக்குக் கீழே பிடித்தேன். முகம் சாம்பல் பூத்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் எழும்பியது. அதை எடுத்துவிட்டுத் தூய வெள்ளையை வைத்தேன். வளையம் மங்கியது, கன்னம் தெளிந்தது. தங்க லேஸை விட வெள்ளி லேஸ்தான் அவளுக்குப் பொருந்தியது.

"தோல் கறுப்போ வெளுப்போ என்பது வேற, அதுக்கு அடியில ஓடுற சாயல் வேற. இவவுக்கு அடியில இருக்கிறது நீலம் கலந்த சிவப்பு. மஞ்சள் கலந்த கிறீம் சரிவராது" என்றேன்.

"கறுப்புக்கு என்ன சாயல்?" என்று சிரித்தார் அக்கா. "அப்ப சட்டையைக் கிறீமிலயும் தலையில போடுற நெட்டை வெள்ளையிலயும் தையுங்கோ."

"வெள்ளைக்குப் பக்கத்தில கிறீம் அழுக்குத் துணி மாதிரித் தெரியும். நான் தைக்க மாட்டன். வேற ஆளைப் பாருங்கோ."

குரல் உயர்ந்துவிட்டது. அது எனக்கே கேட்டது. வாடிக்கையாளரிடம் அப்படிக் கதைப்பவள் அல்ல நான்.

பெண் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "மச்சாள், அந்தத் துணியை நீங்களே வச்சிருங்கோ. அன்ரி, எனக்கு வெள்ளையில தையுங்கோ" என்றாள்.

கிறீம் என்றால் கழுத்தை ஆழமாக வெட்டி, நிறத்தை முகத்திலிருந்து தள்ளி வைத்திருப்பேன். வெள்ளை முகத்துக்கு ஒத்துப்போனபடியால் துணிந்து கழுத்தை உயர்த்தினேன். தாடைவரை வெள்ளை லேஸ், கைமுனையில் வெள்ளி மணி. நெட்டும் அதே வெள்ளை.

கல்யாணத்தன்று சேர்ச் வாசலில் நெட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவள் தலை நிமிர்ந்து நின்றாள். பார்க்க அவ்வளவு வடிவு. அப்போது அந்த அக்கா வந்து என் தோளைத் தட்டினார்.

"நீங்க சொன்னது சரிதான் மிஸ். நல்லா வெளுத்துத் தெரியிறா."

பாராட்டாம். சேர்ச் வாசல் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, பெண்ணின் காதில் மட்டும் சொன்னேன்: "நீங்க வெளுக்கேல்ல பிள்ளை. உங்கட நிறத்திலதான் வடிவா இருக்கிறீங்க."

"தெரியும் அன்ரி," என்றாள்.

வீடு வரும்வரை என் கோபம் அடங்கவில்லை.