மகளின் பிறந்த தேதியில் ஏறிய கோடு

என் கணவர் கடந்த சீசனில் கால்பந்து ஆட்டங்களில் பந்தயம் கட்டிக் கொஞ்சம் ஜெயித்துவிட்டார். தோற்றிருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை வினை வந்திருக்காது. கிளமெண்டியில் மாமியார் வீட்டின் ஓர் அறையில் மகளோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். குவீன்ஸ்டவுனில் எங்களுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் உள்வேலைக்காக, ரெனொவேஷனுக்காக, சேர்த்த பணம் இருபதாயிரம் வெள்ளி; அதில் பாதி என் சம்பளம். அந்தப் பணத்தை அப்படியே இந்த சீசனில் இறக்கப்போவதாக அவர் சொன்னார்.

நான் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு எத்தனை பேர் இழப்பீடு கேட்பார்கள் என்று கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனை ஆண்டுகளை ஓட்டிப் பார்ப்பது என் பிழைப்பு. “உன் ஆபிஸ்ல பண்றதை எனக்கும் பண்ணிக் காட்டு லா” என்றார். பயந்து விலகிவிடுவார் என்று நம்பி ஒப்புக்கொண்டேன்.

கணக்கு எளிமையானது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் நானூறு வெள்ளி. ஜெயித்தால் முன்னூற்று நாற்பது லாபம், தோற்றால் நானூறும் போச்சு. கணினி ஒவ்வொரு முறையும் குருட்டுவாக்கில் ஓர் எண்ணை எடுத்து வெற்றியா தோல்வியா என்று முடிவு செய்யும். இருநூறு பந்தயம் ஒரு சீசன். அப்படிப் பத்தாயிரம் சீசன் ஓட்டினேன். ஒவ்வொரு சீசனிலும் பணம் ஏறி இறங்குவது திரையில் ஒரு கோடாக வரும்.

அவருடைய போன சீசன் வெற்றி விகிதத்தைப் போட்டதும் பெரும்பாலான கோடுகள் மேலே ஏறின. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இது உங்க திறமைன்னு யார் சொன்னா? நூத்தி இருபது பந்தயம்தான் போட்டிருக்கீங்க. அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்” என்று சொல்லி, வெற்றி வாய்ப்பை நாணயம் சுண்டுவதுபோல் பாதிக்குப் பாதி என்று வைத்தேன். கோடுகள் பொலபொலவென்று சரிந்தன. ஆனால் எல்லாம் சரியவில்லை. எட்டில் ஒன்று, தொடங்கிய பணத்துக்கு மேலேயே முடிந்தது.

“திறமையே இல்லாட்டியும் எட்டுல ஒண்ணு ஜெயிக்குது. அது நாமளா இருக்கக்கூடாதா?”

கூடாது என்று சொல்ல என்னிடம் எண் இல்லை. என் தொழில் பொய் சொல்லவும் விடாது.

பிறகுதான் அவர் அதைக் கேட்டார். குருட்டு எண்கள் எங்கிருந்து தொடங்குகின்றன என்று. நானும் பெருமையாக விளக்கித் தொலைத்தேன்: ஒரு தொடக்க எண்ணைக் கொடுப்போம், அதிலிருந்து மற்றவை பிறக்கும், அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் திரும்ப வரும். “அப்ப பாப்பா பிறந்த தேதியைப் போடு. ஒரே ஒரு கோடு மட்டும் வரட்டும்” என்றார். லாட்டரிக்குக் கார் நம்பரும் கல்யாண தேதியும் எழுதிப் பழகிய ஊரில் இதைக் கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். போட்டேன். கோடு ஏறியது.

“பாத்தியா! உன் கணக்குலயே ஏறுது!”

வேறொரு எண்ணைப் போட்டுக் காட்டினேன். கோடு பாதாளத்துக்குப் போனது. “அது யாரோட தேதி?” என்றார், உண்மையான ஆர்வத்தோடு. எனக்கு அழுகை வந்தது. அதற்குள் முதல் கோட்டைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார்.

அடுத்த ஞாயிறு தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, அவர் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த காப்பிக்கடைக்குப் போனேன். அந்தப் படம் மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒருவர் மரியாதையாக எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். “அக்கா, என் மகன் டேட்டையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க லா.” என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. கல்யாணமான இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

சீசன் தொடங்கியது. பணம் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்க ஆரம்பித்தது. நிறுத்துங்கள் என்றேன். “ஏறுற கோடும் நடுவுல இறங்கும்னு நீதானே காட்டின?” என்றார். உண்மைதான். நல்ல சீசன்களிலும் இந்தச் சறுக்கல் உண்டு, நாசமாகும் சீசன்களிலும் உண்டு. எதில் இருக்கிறோம் என்பது பாதி வழியில் தெரியாது. நான் வரைந்த எந்தப் படமும் என் பக்கம் பேசவில்லை. மாமியாரிடம் சொல்லலாம் என்றால், கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான்தானே என்பார். நாலு பக்கமும் சுவர்.

போன சனிக்கிழமை சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். கூடத்து டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை, நானே அவர் கைப்பேசியில் பார்த்து வைத்திருந்தேன். கூச்சல் கேட்டதும் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். பந்து வலைக்குள் கிடந்தது. “கோல்!” என்று அவருக்கு முன்னால் கத்தியது நான்.

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை. சோபாவில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் போய் உட்கார்ந்தேன்.