கால்குலேட்டரில் ஒரு சின்ன D

தம்பானூரில் ஒரு டுட்டோரியலில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். தோற்றவர்கள் வந்து படிக்கும் இடம் அது. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பழவங்காடியில் துணிக்கடையில் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பி.எஸ்சி.யில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி. பழைய பாடத்திட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாகக் கொடுக்கும் மெர்சி சான்ஸ் அது. அதற்குமேல் வழி கிடையாது.

பரீட்சையன்று காலையில் கரமனையில் என் வீட்டுக்கே வந்து நின்றாள். அவளுடைய கால்குலேட்டரில் ஏழு அழுந்தவில்லை.

"டீச்சரே, உங்களோடது ஒண்ணு தருவீங்களா?"

கொடுத்தேன். ஜெயிச்சுட்டு வா என்றும் சொன்னேன்.

மதியம் டுட்டோரியலுக்கு ஓடி வந்தாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். எல்லாக் கணக்கும் போட்டிருந்தாள். வினாத்தாளில் ஒன்றைக் காட்டினாள்: ஸ்பிரிங்கில் ஐந்து சென்டிமீட்டர் இழுத்து விட்ட பொருள் அலைவுறுகிறது, கோண அதிர்வெண் நொடிக்கு 2 ரேடியன். 0.6 நொடியில் அது எங்கே இருக்கும்?

"5 காஸ் 1.2. ஃபோர் பாயிண்ட் நைன் நைன் நைன். சரிதானே?"

பொருள் கிட்டத்தட்ட இடத்தைவிட்டு நகரவே இல்லை என்கிறது அந்த விடை. 1.81 வந்திருக்க வேண்டும்.

"அந்தக் கால்குலேட்டரை இங்க குடும்மா."

திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக D, டிகிரி மோடு. முந்தின நாள் வகுப்பில் முப்பது டிகிரியில் எறிந்த பந்தின் கணக்கைப் போட்டுக் காட்டியவள் நான்தான். மோடை மாற்றாமல் அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். 1.2 ரேடியனுக்குப் பதில் 1.2 டிகிரிக்கு காஸ் எடுத்திருக்கிறது. ஒரு விசை செய்த வேலையைக் கண்டுபிடிக்க இன்டகிரேஷன் கணக்கு ஒன்றும் இருந்தது. கடைசியில் ஒன்றரை சைன் 1. 1.26 ஜூல் வர வேண்டிய இடத்தில் அவள் 0.026 எழுதியிருந்தாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அவள் வினாத்தாளை மடித்தாள். "நானும் மோடு பார்த்திருக்கணும் இல்லே?" என்றாள். பிறகு, "ஸ்டெப்புக்கு மார்க் தருவாங்கல்லோ?"

"தருவாங்க" என்றேன். ஒவ்வொரு கணக்கிலும் எத்தனை போகும் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டுதான் அதைச் சொன்னேன்.

ஸ்டெப்புக்கு மார்க் கொடுத்துத்தான் இருந்தார்கள். ஆனாலும் பாஸுக்கு மூன்று மார்க் குறைந்தது. மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டோம். மாற்றமில்லை என்று பதில் வந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் நம்பியிருந்த லேப் உதவியாளர் வேலைக்கு டிகிரி கேட்டிருந்தார்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஓணத்துக்கு அந்தத் துணிக்கடைக்குப் போனேன். அவள் வேறொருத்திக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். "வாங்க டீச்சரே, செட்டுமுண்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஓணத்துக்கு உடுத்தும் அந்த இரண்டு துண்டுச் சேலையில் அவள் எடுத்துப் போட்ட முதல் செட்டையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் உடுத்தவில்லை.