விநாயகத்தின் மூலிகைப் பொடி

செஞ்சியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சாகிராவுக்கு ஆண்பிள்ளைகளின் கிசுகிசுப்பைக் கேட்டாலே எரிச்சல். பெண்கள் மாதவிலக்குக்கும் கருத்தடைக்கும் நேராகக் கேட்டு வாங்கிப்போவார்கள். மீசைக்காரர்கள்தான் கடை காலியாகும்வரை இருமல் மருந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நெல் வியாபாரி விநாயகமும் அப்படித்தான் நின்றார்.

"அந்த மாத்திரை ஒண்ணு குடும்மா. ஆம்பளைங்க ராத்திரிக்குப் போடுவாங்களே, அது."

"டாக்டர் சீட்டு இல்லாம கிடையாதுண்ணே. அதுவும் நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில வைக்கிற மாத்திரைய எங்கிட்டதான வாங்குறீங்க? ரெண்டும் சேந்தா பிரஷர் பாதாளத்துக்குப் பூடும். இருதய டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க, வேற வழி இருக்குது."

டாக்டரிடம் சொல்வதாம்! ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் நாற்காலியில் உட்காருகிறவர் அதைச் சொல்வாரா? நேராக வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனார். அங்கே வேனில் மைக் கட்டியவன், ஆண்மைக்குப் பொடி, சுத்த மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் பொட்டலத்தில் பெயர் இல்லை, தேதி இல்லை, செய்தவன் விலாசம் இல்லை. நெல்லில் ஒரு கருக்காயைக்கூட விடாமல் பொறுக்குகிற மனிதர் அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கினார்.

மறுநாள் காலை அவர் மனைவி மீனம்பாள் கடைக்கு ஓடிவந்தாள்.

"நெஞ்சுவலின்னாரு. நாக்குக்கடியில ஒண்ணு வச்சேன், தலை சுத்தி விழுந்துட்டாரு. டப்பா காலி. இன்னொரு டப்பா குடும்மா!"

சாகிராவின் கை அலமாரியிலேயே நின்றது. பின்சந்திலிருந்த வீட்டுக்கு மீனம்பாளோடு ஓடினாள். போகும்போதே 108-க்குப் போன் செய்தாள். விநாயகம் வேர்த்துக் கிடந்தார். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"வேற இன்னா மாத்திரை போட்டீங்க?"

"மாத்திரையே போடலம்மா. சத்தியமா."

அது பொய்யில்லை என்பதுதான் கேவலம். பொடி மருந்தாகாது என்று அந்த மனிதர் மெய்யாகவே நம்பினார்.

"மூலிகை? லேகியம்? ராத்திரி எதாச்சும்?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீனம்பாள் ஆணியில் தொங்கிய சட்டையைத் துழாவினாள். பொட்டலம் வந்தது. இந்த மாதிரிப் பொடியில் அன்று அவர் கேட்ட அதே இங்கிலீஷ் மருந்தை அளவில்லாமல் கலந்து விற்கிறார்கள் என்று சாகிராவுக்குத் தெரியும். 108 வண்டி வந்ததும் அதில் வந்தவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்து, "இதச் சாப்ட்டுருக்காரு. நாக்குக்கடி மாத்திரையும் ஒண்ணு வச்சாச்சு. இன்னொண்ணு வைக்காதீங்க, டாக்டருக்கும் சொல்லிடுங்க" என்றாள்.

ஆள் பிழைத்தார்.

பத்தாம் நாள் மீனம்பாளோடு கடைக்கு வந்தார். சீட்டை நீட்டவில்லை. செல்போனை நீட்டினார்.

"இது ரோட்டுச் சரக்கு இல்லம்மா. வெப்சைட்டு. சீட்டும் கேக்கல."

"கேக்காததாலதாண்ணே பயம். டப்பால இருக்கறது மருந்தா சுண்ணாம்பான்னு யாரு பாத்தா? அசல் மருந்தாவே இருந்தாலும் உங்களுக்கு விஷம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிடாதம்மா. மானம் பூடும்."

செத்துப் பிழைத்த ஆளுக்கு அதுதான் கவலை. சாகிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் மீனம்பாள் போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முப்பத்தோரு வருசம் ஆச்சு" என்றாள் கணவனிடம், கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு நாளாச்சும் நான் கேட்டனாய்யா இத?"