அண்ணனுக்குத் தெரியாதுங்க

டெய்லரக்காவுக்கு வாய் நீளம். சட்டை இறுக்கமென்று யாராவது வந்தால், "துணி அப்படியேதான் இருக்கு, நீங்கதான் வளர்ந்துட்டீங்க" என்பாள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் அவள் படிக்க வைத்துக்கொண்டிருந்தது பின்னறையில் ஓடிய மூன்று தையல் மெஷின்களை நம்பித்தான்.

ஒரு மழை நாளில் அந்த அறைமேல் பக்கத்து வீட்டு மதில் விழுந்தது. செடி வளர்க்கிறேன் பேர்வழி என்று அந்த வீட்டுக்காரர் மதிலோரம் மண்ணை மலையாகக் குவித்திருந்தார். மதில் வயிறு தள்ளி நிற்பதை அக்கா பலமுறை சொல்லிவிட்டாள். "பார்த்துக்கலாம்மா" என்றார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அக்கா அடுப்படியில் இருந்ததால் பிழைத்தாள், மெஷின்கள் நசுங்கிப்போயின.

அவளுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து நஷ்டத்தைக் கணக்கிட வந்த சர்வேயர் இடிபாட்டைப் பார்த்தார், கிழிந்த அளவு நாடாவையும் பார்த்தார்.

"குடியிருக்கிற வீடுன்னு மட்டும்தானேம்மா பாலிசி எடுத்திருக்கீங்க. தொழில் நடக்குதுன்னு சொல்லலையே. இந்த அறைக்கும் மெஷினுக்கும் இதுல கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரரோட கம்பெனியில கேளுங்க. அவரால அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கும் அவர் பாலிசியில இடம் இருக்கலாம்."

இருந்தது. அந்தக் கம்பெனி ஆள் விசாரிக்க வருவதற்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அண்ணி வந்து அழுதாள். "கோர்ட்டு கேஸுன்னு இழுத்துடுவாங்களோ? அவருக்கு நெஞ்சுவலி வேற." அக்காவுக்கு மனசு இளகிவிட்டது.

மறுநாள் அந்த ஆள் கேட்டார்: "மதில் சாயுறது அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியாதுங்க. தங்கமான மனுஷன்." அவரை எவ்வளவு நல்லவராகக் காட்டுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் பணம் வரும் என்று நினைத்துக் கையெழுத்தும் போட்டாள், பாவி மகள்.

பணம் கிடையாது என்று பதில் வந்ததும் அந்த ஆபீஸுக்கே ஓடினாள்.

"அவர்மேல தப்பு இருந்தாத்தான் அவருக்காக நாங்க கொடுக்க முடியும்" என்றார் அதிகாரி. "தெரிஞ்சும் கவனிக்காம விட்டிருந்தா தப்பு. தெரியாதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க, அவரும் அதையேதான் சொல்றார்."

"தெரியும் சார்! நானே அவர்கிட்ட சொல்லியிருக்கேன்!"

"அப்போ அன்னிக்குச் சொன்னது பொய்யா?"

அக்கா ஆபீஸ் படியிறங்கினாள்.

நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். "நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கண்ணே."

அவர் தரையைப் பார்த்தார். "மழையில விழுந்துச்சுன்னு என் மதிலுக்குப் பணம் தர்றாங்கம்மா. தெரிஞ்சே விட்டேன்னு இப்போ சொன்னா அதுவும் போயிடும்."

மதில் எழும்பியது. அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி பட்டன் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியவள் படிப்பை நிறுத்திவிட்டு அதே கம்பெனிக்கு வந்தாள்.

ஒரு காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பியபோது அண்ணி வாசலில் வழிமறித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் அன்னிக்கு அவரைக் காட்டிக்கொடுத்திருந்தா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம்மா."

பெரியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா கையை விடுவித்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி" என்றாள்.